ஆஃபர் கம்மியா வந்தா, நம்பர் சொல்றதுக்கு முன்னாடி பிரேக்கப் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போறேன், அதை நிதானமா பேசிடுவோம். இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு ரெக்ரூட்டர் போன் பண்றாங்க, வாழ்த்துகள்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் சொல்றாங்க, அது நீங்க நினைச்சதைவிட ரொம்ப கீழ இருக்கு. உடனே "உங்களுக்கு ஓகேவா?"ன்னு கேக்குறாங்க. அந்த நேரத்துல பெரும்பாலும் நாம ரெண்டுல ஒண்ணு பண்றோம், மனசுக்குள்ள கொதிச்சுக்கிட்டே சரின்னு சொல்றோம், இல்லன்னா "எனக்கு இவ்ளோ வேணும்"னு பதிலுக்கு ஒரு நம்பரை போடுறோம். ரெண்டுமே அவசரம்தான், ஏன்னா அவங்க சொன்ன நம்பருக்குள்ள என்ன இருக்குன்னே நமக்கு அப்போ தெரியாது.

அதனால முதல் பதில் இப்படி இருக்கட்டும்: "ஆஃபருக்கு ரொம்ப நன்றிங்க, இந்த ரோல்ல எனக்கு நிஜமாவே ஆர்வம் இருக்கு. முழு பிரேக்கப்பையும் மெயில்ல அனுப்ப முடியுமா? பேஸ் எவ்ளோ, வேரியபிள் எவ்ளோ, ஜாயினிங் போனஸ், ஸ்டாக், கம்பெனி கட்டுற ஓய்வூதியப் பங்கு, இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனியா இருந்தா பாத்துட்டு பேசலாம்." இவ்ளோதான். கம்மின்னும் சொல்லல, சரின்னும் சொல்லல, ரெக்ரூட்டர் கோவப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.

இப்போ ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் பொருந்தட்டும்னு வெறும் அலகா வச்சுக்குவோம். ஒருத்தங்க இப்போ வருஷத்துக்கு 88 வாங்குறாங்க, அதுல பேஸ் 80, தவறாம வர்ற போனஸ் 8. அவங்க எதிர்பார்த்தது 120, வந்த ஆஃபர் 100. கேக்கும்போது "நினைச்சது கிடைக்கல, ஆனாலும் 12 கூடுதல்தானே"ன்னு தோணும். பிரேக்கப் வருது: பேஸ் 70, வேரியபிள் 12, ஜாயினிங் போனஸ் 8, ஸ்டாக் 6, கம்பெனி கட்டுற ஓய்வூதியமும் இன்சூரன்ஸும் சேர்த்து 4.

இதை ஒவ்வொண்ணா பாருங்க. அந்த ஓய்வூதியம், இன்சூரன்ஸ் 4 இப்போ இருக்குற கம்பெனியும் கட்டிக்கிட்டுதான் இருக்கு, இவங்க தன்னோட 88ல அதை சேக்கவே இல்ல, அதனால ஒப்பிடும்போது ரெண்டு பக்கமும் சேக்கணும் இல்லன்னா ரெண்டு பக்கமும் விடணும். ஜாயினிங் போனஸ் ஒரே ஒரு தடவைதான், அதுவும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு ஷரத்தோட வரும். ஸ்டாக் 6ன்னு போட்டது மொத்தம் 24ஐ நாலு வருஷத்துக்கு பிரிச்ச கணக்கு, முதல் வருஷம் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கிளம்பினா அதுல பல கம்பெனிகள்ல ஒண்ணுமே கைக்கு வராது. வேரியபிள் டார்கெட் மட்டும்தான், கேரன்டி இல்ல. ஆக முதல் வருஷம் நிச்சயமா வர்ற காசு 70ம் 8ம் சேர்ந்து 78, ரெண்டாவது வருஷம் வெறும் 70. இப்போ வாங்குற பேஸே 80! மேல போறோம்னு நினைச்சது உண்மையில கீழ இறங்குற ஆஃபர். 100ங்கிற ஒத்த நம்பரை மட்டும் கேட்டா இது தெரியவே தெரியாது.

இதுக்காகத்தான் முதல்ல நம்பர் சொல்லாதீங்கன்னு சொல்றேன். பிரேக்கப் பாக்காம "120 குடுங்க"ன்னு கேட்டுட்டீங்கன்னு வைங்க, அவங்க பேஸைத் தொடாமலே வேரியபிளை கொஞ்சம் ஏத்தி, ஜாயினிங் போனஸ் கொஞ்சம் ஏத்தி "115 பண்ணிட்டோம்"னு வந்து நிப்பாங்க, நீங்களும் மறுக்க முடியாது, ஏன்னா நீங்க கேட்டதே மொத்தத்தைத்தான். இது அவங்க சூழ்ச்சின்னு நான் சொல்லல, கம்பெனிக்குள்ள பேஸுக்கு லெவல் வாரியா இவ்ளோலேர்ந்து இவ்ளோ வரைக்கும்னு ஒரு பேண்ட் இருக்கும், அதை மீறணும்னா மேல அப்ரூவல் வாங்கணும், ஜாயினிங் போனஸ் ஒரு தடவை செலவுங்கிறதால ஏத்துறது சுலபம். எது சுலபமோ அதைத்தான் முதல்ல குடுப்பாங்க.

பிரேக்கப் வந்ததும் ரெண்டாவது மெயில் ஒண்ணு போடணும், அதுல கேள்விகள் மட்டும். வேரியபிள் கடந்த ரெண்டு மூணு வருஷத்துல டார்கெட்ல எத்தனை சதவீதம் குடுத்தாங்க, நடுவுல சேர்ந்தா முதல் வருஷம் முழுசா வருமா இல்ல மாசக் கணக்குல வெட்டுவாங்களா, போனஸ் குடுக்குற தேதியில வேலையில இருந்தாத்தான் கிடைக்குமா. இதுல முதல் கேள்விதான் என்னைப் பொறுத்தவரைக்கும் ரொம்ப முக்கியம். நல்லா குடுக்குற கம்பெனி பட்டுன்னு ஒரு சதவீதம் சொல்லிடும், "அது பர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப வந்தா அந்த 12ஐ பாதியா போட்டுக் கணக்குப் பண்ணுங்க. ஸ்டாக் தனியார் கம்பெனியோடதா இருந்தா எந்த மதிப்புல கணக்குப் போட்டாங்கன்னு கேளுங்க, விக்கிறதுக்கு வழி இல்லாத ஸ்டாக்கை நான் வீட்டுச் செலவுக் கணக்குல சேக்கவே மாட்டேன்.

சில நேரம் தலைகீழாவும் நடக்கும், ரெக்ரூட்டர் போன்ல பேஸை மட்டும் சொல்லியிருப்பாங்க, பிரேக்கப் வந்தா மேல போனஸும் ஸ்டாக்கும் தனியா இருக்கும், கம்மின்னு நினைச்சது கம்மியே இல்லன்னு தெரியும். கோவமா பதில் போட்டிருந்தா அங்கயே கெட்டிருக்கும்.

"பரவால்ல, உங்க எதிர்பார்ப்பு என்னன்னு முதல்ல சொல்லுங்க, நான் மேனேஜர்கிட்ட பேசணும்"னு அழுத்துவாங்க. அதே குரல்ல, "பிரேக்கப் பாத்ததும் சரியான நம்பரா சொல்லிடறேங்க, இப்போ சொன்னா ரெண்டு பேருக்குமே ரெண்டு வேலை ஆயிடும்"னு சொல்லிட்டு நிறுத்திடுங்க. வெளி ஏஜென்சி ரெக்ரூட்டரா இருந்தா அவங்களுக்கே முழு விவரம் தெரியாம இருக்கலாம், கம்பெனி எச்ஆர்கிட்ட வாங்கித் தரச் சொல்லுங்க. எழுத்துல குடுக்கவே மாட்டோம், நாளைக்குள்ள சரின்னு சொல்லுங்கன்னா அந்த இடத்தை நான் நம்ப மாட்டேன்.

நம்ம கணக்குக்கு வருவோம். இவங்க இப்போ மொத்தத்தைக் கேக்கல, "என் இப்போதைய பேஸ் 80, ஆஃபர்ல 70 இருக்கு, 84 வந்தா நான் உடனே சரின்னு சொல்லிடுவேன்"னு பேஸை மட்டும் கேட்டாங்க. பழைய சம்பளத்தை சொல்ல இஷ்டம் இல்லன்னா அதை விட்டுட்டு 84ஐ மட்டும் கேட்டாலும் போதும். கம்பெனி, இந்த லெவலுக்கு பேண்டே 78ல முடியுதுன்னு சொல்லுது. சரி, அப்போ 78 குடுங்க, முதல் வருஷ வேரியபிள் 12ஐ கேரன்டின்னு லெட்டர்ல எழுதுங்கன்னு கேட்டாங்க, ஒத்துக்கிட்டாங்க. மொத்தம் 100லேர்ந்து 108தான் ஆச்சு, ஆனா முதல் வருஷம் நிச்சயமா வர்ற காசு 78லேர்ந்து 98 ஆயிடுச்சு.

ஆனா இதுலயும் ஒரு பிரச்சனை இருக்கு. ரெண்டாவது வருஷம் நிச்சயம் திரும்பவும் 78தான், அது பழைய பேஸைவிட 2 கம்மி, அதுவும் பேண்டோட உச்சியில சேர்றதால வருஷாந்திர இன்கிரிமென்ட் சின்னதாத்தான் இருக்கும். அதனால கையெழுத்துக்கு முன்னாடி "இந்த அனுபவத்துக்கு அடுத்த லெவல்ல வைக்க முடியுமா, முடியலன்னா முதல் ரிவ்யூ எப்போ, அப்போ புரமோஷனுக்கு எலிஜிபிளா"ன்னு ஹையரிங் மேனேஜர்கிட்டயே கேக்கணும். பேண்டே ஃபிக்ஸ் ஆன அரசு வேலை, ஒரே பேட்ச்சா எடுக்குற ஃப்ரெஷர் வேலைல எல்லாம் இதுக்கு இடம் குறைவு, அங்க பிரேக்கப் சேரலாமா வேணாமான்னு முடிவு பண்ண மட்டும்தான் உதவும்.

கடைசியா, போன்ல ஒத்துக்கிட்ட மாற்றம் எல்லாம் புது ஆஃபர் லெட்டர்ல வந்துருச்சான்னு பழைய பிரேக்கப்பை பக்கத்துல வச்சு வரி வரியா பாத்துட்டு, அதுக்கப்புறம் இப்போ இருக்குற வேலைல ராஜினாமா மெயில் போடுங்க.