டீக்கடைப் பலகையில் மூன்றெழுத்து

அவையோருக்கு வணக்கம். கும்பகோணத்துப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையைக் களமாகக் கொண்டு நான் எழுதிய சிறுகதையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரர் நாள்தோறும் விடியற்காலையில், பாய்லரில் தண்ணீர் கொதிப்பதற்குள், கடை வாசலில் தொங்கும் கரும்பலகையில் ஒரு சொற்புதிரைச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். கதையில் வருபவர்கள் எல்லாரும் கற்பனை மனிதர்கள். புதிர்கள் மட்டும் மெய்யாகவே விடை காணக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன். புதிரை வாசகர் தாமே போட்டுப் பார்க்க முடியாவிட்டால், அதைச் சுற்றி நடக்கும் சண்டையை அவர் எப்படி நம்புவார்?

கடைக்காரருக்குக் கைவந்தது எழுத்தை நீக்கும் புதிர். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் புதுச் சொற்களைப் பெறும் ‘எழுத்து வருத்தனம்’ தண்டியலங்காரம் என்னும் அணி இலக்கண நூலின் சொல்லணியியலில் மிறைக்கவி என்ற சொல்விளையாட்டுப் பாடலாக வருகிறது; இவர் அதையே பின்னிருந்து முன்னாகச் செய்கிறார், அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே. ஒரு கிளாஸ் டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் விடை பிடிபட வேண்டும் என்பதால் நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. விடை கண்டவர் அதை உரக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பேருந்தில் வருகிறவருக்குப் புதிர் செத்துவிடும். கடைக்காரரின் காதில் சொன்னால் போதும், அவர் பலகையின் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார். பரிசு கிடையாது. வடை பரிசு என்று வைத்திருந்தால் விடைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு கசிந்திருக்கும்.

கதையில் சண்டையைக் கிளப்பும் புதிர் இது: “மூன்றெழுத்து. தலை போனால் காலில் இடறும். நடு போனால் வாயில் கடிக்கும். முழுதாய் இருந்தால் விளக்கு வேண்டாம்.” தலை போனால் கல், நடு போனால் பல், முழுச்சொல் பகல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, புதிரே பிழை என்கிறார். கட்டளைக் கலித்துறை என்னும் செய்யுள் வகையில் அடிக்கு எழுத்தெண்ணும்போது, நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று, புள்ளி வைத்த ஒற்றெழுத்துகளை நீக்கித்தான் கணக்கிடுகிறோம். அப்படிப் பார்த்தால் பகல் இரண்டெழுத்துத்தான் என்பது அவர் வாதம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர், பலகையில் புள்ளி வைத்த எழுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டுதானே நிற்கிறது என்கிறார். நெடுங்கணக்கின்படி ஓட்டுநர் சொல்வதே சரி. செய்யுளுக்குள் ஆசிரியர் சொல்வதும் சரி. இருவருமே சரியாக இருப்பதால்தான் சண்டை முடியவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை.

கடைக்காரர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லவில்லை; இரண்டு நல்ல வாடிக்கையாளர்களில் ஒருவரை இழக்க எந்தக் கடைக்காரர் துணிவார்? அவருக்குத் தேவைப்பட்டது, எந்தக் கணக்கில் எண்ணினாலும் எண்ணிக்கை மாறாத ஒரு சொல், அதாவது ஒற்றே இல்லாத சொல். இரண்டு நாள் கழித்துப் பலகையில் இப்படி எழுதினார்: “மூன்றெழுத்து. கடை போனால் ஒன்றல்ல. நடு போனால் நட்பல்ல. கடை மட்டும் நின்றால் கிளாஸைப் பிடிக்கும்.”

இதை அவிழ்க்க நடு வரியில் தொடங்குவது எளிது. மூன்றில் ஒன்று போனால் மிஞ்சுவது இரண்டெழுத்து. நட்புக்கு எதிரான இரண்டெழுத்துச் சொல் பகை. விரோதம், குரோதம் என்றெல்லாம் மனம் ஓடினாலும் எழுத்தெண்ணிக்கை அவற்றைத் தள்ளிவிடும். ஆக முதலெழுத்து ப, கடையெழுத்து கை. கிளாஸைப் பிடிப்பதும் கைதான் என்று கடைசி வரி அதை உறுதிசெய்கிறது. ஒன்றல்லாதது, ப-வில் தொடங்கும் இரண்டெழுத்து, பல. விடை பலகை. எல்லாரும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டுதான் விடையைத் தெருவெங்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ‘பகை’யை அந்தச் சொல்லுக்குள் கடைக்காரர் வேண்டுமென்றே வைத்தாரா என்று சிலர் கேட்டார்கள். கதையில் அவர் அதற்கு வாய் திறப்பதில்லை. திறந்தால் அவர் உபதேசியாகிவிடுவார், எனக்கு டீக்கடைக்காரர்தான் வேண்டியிருந்தார்.

இருவரும் கைகுலுக்கிக்கொள்வதாக முடித்திருக்கலாமே என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். எழுத்தெண்ணிக்கைக்காக முறைத்துக்கொண்டவர்கள் அவ்வளவு எளிதில் இறங்கி வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் காதில் விடையைச் சொல்லிவிட்டு நிமிர்கிறார். பலகை ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது, அது ஓட்டுநருடையது. ஆசிரியர் பொதுவாகக் காற்றைப் பார்த்து, “இது எந்தக் கணக்குக்கும் மூன்றுதான்” என்கிறார். எதிர்ப் பெஞ்சிலிருந்து, “அதைத்தானே சார் முந்தாநாளும் சொன்னேன்” என்று பதில் வருகிறது. “முந்தாநாள் சொன்னது பகலுக்கு” என்று ஆசிரியர் திரும்புகிறார், வாதம் மறுபடியும் தொடங்குகிறது. கடைக்காரர் இருவருக்குமாகச் சேர்த்து இரண்டு டீ போடச் சொல்கிறார்.