கட்டைவிரல் ஓரத்து வலி

வணக்கம். கை, மணிக்கட்டு வலிகளுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இன்று ஒரே ஒரு வலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குழந்தையைத் தூக்கும்போது, பாட்டில் மூடியைத் திருகும்போது, ஈரத் துணியைப் பிழியும்போது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு ஓரமாகச் சுரீரென்று இழுக்குமே, அந்த வலி. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களிடம் இதை நான் அதிகம் பார்க்கிறேன். அப்பாக்களுக்கும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும்கூட வருகிறது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பின்பக்கமாகத் தூக்குங்கள். விரலின் அடியில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியின் இரண்டு கரைகளிலும் கயிறு போலப் புடைத்துத் தெரிபவை தசைநாண்கள். உள்ளங்கைப் பக்கம் இருக்கும் கரைதான் இன்றைய நம் விஷயம். பார்க்க ஒரே கயிறு போல இருந்தாலும் அதில் அடுத்தடுத்து இரண்டு தசைநாண்கள் போகின்றன. ஒன்று கட்டைவிரலை வெளியே விரிக்கிறது, மற்றது அதை நிமிர்த்துகிறது. இரண்டும் மணிக்கட்டு எலும்பின் மேட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. அந்த உறையின் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர்தான்.

வலி பிறப்பது அந்த 2 சென்டிமீட்டரில். ஒரே மாதிரி இழுப்பு திரும்பத் திரும்ப விழும்போது உறையின் சுவர் தடித்துவிடுகிறது. உள்ளே இடம் குறைகிறது, தசைநாண் வழுக்கிக்கொண்டு போக முடியாமல் உரசுகிறது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்னின் பெயரையே இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள். பலர் இதை வெறும் வீக்கம் என்று நினைத்து, நாலு நாள் மாத்திரை போட்டால் போய்விடும் என்று காத்திருக்கிறார்கள். தடித்த சுவர் நாலு நாளில் மெலியாது. அதற்கு வாரக்கணக்கில் இழுப்பு குறைந்திருக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். குழந்தைக்கு நான்கு மாதம், எடை 6 கிலோ. அவருக்கு இடது மணிக்கட்டில் வலி. "ராத்திரி பால் கொடுக்கும்போது போன் பார்ப்பேன், அதனால்தான் வந்திருக்கும்" என்று குற்ற உணர்வோடு சொன்னார். எந்தக் கையில் போன் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். வலது கையில் என்றார். வலி இருப்பதோ இடது கையில்!

சரி, இடது கை என்ன செய்கிறது என்று பார்க்க, ஒரு பொம்மையைக் கொடுத்துப் பால் கொடுப்பது போல உட்காரச் சொன்னேன். குழந்தையின் தலை அவருடைய இடது உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் ஒரு காதுப் பக்கம், மற்ற விரல்கள் மறு காதுப் பக்கம், மணிக்கட்டு உள்நோக்கி மடங்கியிருந்தது. அப்படியே 20, 30 நிமிடம், ஒரு நாளில் பல முறை. அப்புறம் பொம்மையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கட்டைவிரல்களையும் அகல விரித்து அக்குளுக்குள் கொடுத்து மேலே இழுத்தார். எல்லோரும் அப்படித்தான் தூக்குகிறோம். கட்டைவிரல் விரிந்து நிற்கிறது, குழந்தையின் எடை கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கிறது. அந்த இரண்டு தசைநாண்களை எலும்பு மேட்டின்மேல் மடக்கி இழுக்க இதைவிட மோசமான நிலை கிடையாது. பிரசவத்துக்குப் பிறகும் பாலூட்டும் மாதங்களிலும் உடம்பில் நீர் தங்குவதும் ஹார்மோன் மாற்றங்களும் இதற்குத் துணை போகின்றன என்றே கருதப்படுகிறது.

போனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய போனை ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலைத் திரையின் தூரத்து மூலைக்கு நீட்டி நீட்டி எழுதினால், உரசிக்கொண்டிருக்கும் உறை ஆற வாய்ப்பே இருக்காது. இந்த அம்மாவுக்கு அது பின்னால் வந்தது. இடது கை வலித்ததால் எல்லா வேலையையும் வலது கைக்கு மாற்றினார். போனும் அதே கையில். மூன்றே வாரத்தில் வலது பக்கமும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

அவர் தானாகவே ஒரு மணிக்கட்டுப் பட்டை வாங்கி மூன்று வாரம் போட்டிருந்தார். துளியும் பலன் இல்லை. காரணம், அந்தப் பட்டை மணிக்கட்டை மட்டும்தான் பிடித்திருந்தது, கட்டைவிரல் வெளியே சுதந்திரமாக ஆடிக்கொண்டிருந்தது. நோவது கட்டைவிரலின் தசைநாண் அல்லவா? மணிக்கட்டை அசையாமல் வைத்தால் அந்த வேலையையும் சேர்த்துக் கட்டைவிரல்தான் செய்யும். இந்த வலிக்கு வேண்டியது மணிக்கட்டையும் கட்டைவிரலின் அடிப்பகுதியையும் சேர்த்துத் தாங்கும் ஸ்ப்ளிண்ட். கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கும்படி விட்டிருக்க வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஸ்ப்ளிண்டைப் போட்டபடி நான்கு விரல்களையும் முழுசாக மடக்க முடிய வேண்டும். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட வேண்டும். மணிக்கட்டு லேசாகப் பின்பக்கம் நிமிர்ந்து, ஒரு தம்ளரைப் பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். வலிக்கிற எலும்பு மேட்டின் மேலேயே பட்டியை இறுக்காதீர்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போனாலோ எறும்பு ஊர்வது போல இருந்தாலோ பட்டி அதை அழுத்துகிறது என்று அர்த்தம்.

அந்த அம்மாவுக்கு நான்கு வாரம், இரவும் பகலும் போடச் சொன்னேன். குளிக்கும்போதும் கை கழுவும்போதும் கழற்றலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கை நனையும் என்று எனக்குத் தெரியும். ஈரமான துணியோடு மாட்டிக்கொண்டே இருந்தால் தோல் வெந்துவிடும். அதனால் மாற்றிப் போட இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. விளிம்பு கடினமாக இருந்தால் குழந்தையின் தோலில் உரசும், அதன் மேல் மெல்லிய துணி சுற்றிவிடுங்கள்.

ஆனால் அவருக்கு ஸ்ப்ளிண்டைவிட அதிகம் உதவியது தூக்கும் முறையை மாற்றியதுதான். குழந்தையை முதலில் உங்கள் உடம்போடு ஒட்டினாற்போல இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், இரண்டு உள்ளங்கைகளும் மேலே பார்த்தபடி. கட்டைவிரல் விரியாமல் ஆள்காட்டி விரலோடு ஒட்டியிருக்கட்டும். தண்ணீரைக் கையால் அள்ளுவோமே, அது போல. எடை விரலில் விழாமல் முன்கையில் விழ வேண்டும். பால் கொடுக்கும்போது தலையை உள்ளங்கையில் தாங்காமல் முழங்கை மடிப்பில் வையுங்கள். மடியில் தலையணை வைத்து, குழந்தையின் பாரத்தைத் தலையணையே சுமக்கும்படி செய்யுங்கள். போனை மேஜையிலோ தலையணையிலோ சாய்த்து வைத்து ஆள்காட்டி விரலால் தொடுங்கள். நீளமான செய்திகளைக் குரலில் பதிந்து அனுப்பிவிடுங்கள்.

உடற்பயிற்சியில்தான் நிறைய பேர் தப்புச் செய்கிறார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். வலிக்கிற கையில் எலும்பு மேட்டின் மேல் சுரீரென்று இருந்தால் இந்த நோய் என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஆரோக்கியமான கையிலும் அப்படிச் செய்தால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். அதனால் மெதுவாகச் செய்து, மறு கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதையும் ஒரே ஒரு தடவைதான். இன்னும் வலிக்கிறதா என்று தினமும் பார்ப்பவர்களும், இதையே பயிற்சியாக நினைத்து இழுப்பவர்களும் ஆறுகிற இடத்தைக் கிளறிவிடுகிறார்கள்.

முதல் வாரங்களில் அசைவு மட்டும் போதும். நாளைக்கு மூன்று வேளை ஸ்ப்ளிண்டைக் கழற்றிக் கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் மெதுவாகத் தொடுங்கள். பிறகு மணிக்கட்டை வலி வராத அளவுக்கு மேலும் கீழும் அசையுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை. அன்றாட வேலைகளில் வலி நன்றாகக் குறைந்த பிறகுதான் பலப்படுத்தும் பயிற்சி. அந்த அம்மாவுக்கு ஐந்தாவது வாரத்தில் தொடங்கினோம். கட்டைவிரல் பக்கம் மேலே இருக்கும்படி முன்கையை மேஜையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, கால் பங்கு தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலை அதில் பிடிக்க வேண்டும். மறு கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலித்த கையால் நான்கு ஐந்து விநாடி எடுத்து மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முன்பு இருந்த அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள். நாட்களைக் கூட்டி ஈடுகட்ட வேண்டாம்.

கட்டைவிரல் ஓரத்தில் வலித்தால் எல்லாமே இந்த நோய்தான் என்று எண்ணிவிடாதீர்கள். கையை ஊன்றி விழுந்த பிறகு, நான் முதலில் சொன்ன அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலித்தால், எலும்பு முறிவா என்று உடனே பார்க்க வேண்டும். இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நடுவயதைக் கடந்தவர்களுக்குக் கட்டைவிரல் அடி மூட்டின் தேய்மானமும் இதே போல வலிக்கும், ஆனால் வலிக்கும் புள்ளி மணிக்கட்டு மேட்டுக்குக் கீழே, உள்ளங்கைப் பக்கமாக இருக்கும்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால், உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு நன்றாகவே கேட்கிறது. பால் கொடுக்கிறீர்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கவும் கொஞ்சம் குழியவும் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு அந்த உறைக்குள்ளேயே ஒரு தடுப்பு இருந்து, இரண்டு தசைநாண்களும் தனித்தனி அறையில் ஓடும். மருந்து ஒரு அறைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் வலி பாதிதான் குறையும். அப்போது ஸ்கேன் பார்த்து ஊசி போடுவது உதவும். எதற்கும் அடங்காத சிலருக்கு மட்டும் அறுவைச் சிகிச்சையில் உறையைத் திறந்துவிடுவார்கள்.

அந்த அம்மாவுக்கு ஊசி தேவைப்படவில்லை. பத்தாவது வாரத்தில் வலி ஏறக்குறைய நின்றிருந்தது. வலது கைக்கு ஸ்ப்ளிண்டே போடவில்லை, போனைக் கீழே வைத்ததும் தூக்கும் முறையை மாற்றியதுமே போதுமானதாக இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை இடது கையில் லேசாகத் திரும்பி வந்தது. விசாரித்தால், குழந்தை தவழத் தொடங்கியிருந்தது. ஓடிப் பிடிக்கும் அவசரத்தில், நின்றபடியே குனிந்து, பழைய மாதிரி அக்குளில் கை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பிறகு எழுந்திருக்கச் சொல்லிக் காட்டினேன். இரவில் மட்டும் இரண்டு வாரம் ஸ்ப்ளிண்ட் போட்டார், அடங்கிவிட்டது.

வணக்கம்.