பாதி எழுந்ததும் பின்னால் சாய்கிறவர்களுக்கு

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்ல ஒரு ஹால்ல பெரியவங்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துறேன். 72 வயசு அம்மா ஒருத்தங்க நாற்காலியை விட்டுப் பாதி எழுந்ததும் தொப்புன்னு திரும்ப உட்கார்ந்துடுறாங்க. கையூன்றாம எழ எப்படிப் பழக்கலாம்?

பதில்: முதல்ல அவங்க பாதம் எங்க இருக்குன்னு பாருங்கம்மா. பெரும்பாலும் முட்டிக்கு முன்னால நீட்டி வச்சிருப்பாங்க, முதுகும் நாற்காலியில சாய்ஞ்சிருக்கும். அப்படியே எழுந்தா உடம்போட பாரம் பாதத்துக்கு மேல வராது, பின்னால இழுத்துடும். இதைத் தொடைக்கு பலமில்லன்னு எடுத்துக்கிட்டு, நாம கையைப் பிடிச்சுத் தூக்கிடுறோம். அது கூடவே கூடாது. தோள்பட்டை பிசகும், அவங்க சாய்ஞ்சா நீங்களும் சேர்ந்து விழுவீங்க. பக்கத்துல நின்னுக்கங்க, போதும்.

ஹால்ல இருக்குற வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பாரம் ஒரு பக்கம் போனா கால் விரிஞ்சுடும். கைப்பிடி வச்ச உறுதியான நாற்காலியா எடுத்து, முதுகுப்பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்க. தரை டைல்ஸா இருந்தா சாக்ஸ் மட்டும் போட்டு செய்ய விடாதீங்க. சேலை கட்டியிருந்தா கொசுவம் காலடியில மாட்டாம கொஞ்சம் தூக்கிச் செருகச் சொல்லுங்க.

இந்த அம்மாவுக்கு, அழுத்தினா அமுங்காத மெத்தை ஒண்ணு போட்டு உட்காருற இடத்தை ஒரு சாண் அளவுக்குள்ள உயர்த்துங்க. பஞ்சு மெத்தைன்னா அமுங்கி, எழறது இன்னும் கஷ்டமாயிடும். நாற்காலியோட முன்பாதிக்கு நகரட்டும். பாதம் இடுப்பு அகலத்துக்கு, முட்டிக்குக் கொஞ்சம் பின்னால. கை தொடை மேல. இப்ப இடுப்புலருந்து முன்னால குனியணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும். புட்டம் லேசாகுறது அவங்களுக்கே தெரியும். அப்பதான் பாதத்தை அழுத்தி எழணும். சிலர் தலையை மட்டும் கவிழ்ப்பாங்க, முதுகு அப்படியே இருக்கும். அது குனிஞ்சதா ஆகாது.

உட்காருறதுலதான் நிறைய பேர் விழுறாங்க. ரெண்டு காலோட பின்பக்கமும் நாற்காலியில படணும், அதுக்கப்புறம்தான் இடுப்பைப் பின்னால தள்ளி, வாய்விட்டு நாலு எண்ணிக்கிட்டே இறங்கணும். அஞ்சு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி அஞ்சு. மூச்சை அடக்க வேண்டாம். ரெண்டு சுத்தும் தொப்புன்னு விழாம முடிச்சா, அடுத்த வகுப்புல மெத்தையோட உயரத்தைக் குறைங்க. முட்டி உள்பக்கம் மடங்க ஆரம்பிச்சா அன்னிக்கு நிறுத்திடுங்க.

முப்பது வினாடி சோதனைன்னு ஒண்ணு இருக்கு. சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலி, கை ரெண்டும் மார்புல குறுக்க. 70லருந்து 74 வயசுக்குள்ள இருக்குற பெண்கள் பத்து தடவைக்குக் குறைவா எழுந்தா விழுற அபாயம் கூடுதல்னு எடுத்துக்குவாங்க. கையூன்றினா கணக்கு பூஜ்யம். அதனால இவங்களுக்கு இப்ப வைக்காதீங்க, மெத்தை இல்லாம எழ வந்தப்புறம் வைங்க.

இன்னொண்ணு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கலாம். நின்ன இடத்துலயே நாற்காலியைத் தொட்டுக்கிட்டு, பத்து எண்ணுற வரைக்கும் நிக்கட்டும், அப்புறம் அடி எடுத்து வைக்கட்டும். கண்ணு இருட்டுதுன்னா உடனே உட்கார வச்சு, வகுப்பு முடிஞ்சதும் கிளினிக்குல சொல்லச் சொல்லுங்க.