மைனஸ் 0.297 என்றால் எத்தனை சதவீதம்? லாக் ஊதியமும் கெழுக்களும்

வணக்கம் நண்பர்களே. திரையில் ஒரு ஹிஸ்டோகிராம் தெரிகிறது, பாருங்கள். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கரன்ட் பாப்புலேஷன் சர்வேயில் இருந்து எடுத்த 526 தொழிலாளர்களின் ஒரு மணி நேர ஊதியம் இது, டாலரில். ஆர் மென்பொருளில் wooldridge என்ற தொகுப்புக்குள் wage1 என்ற பெயரில் இந்தத் தரவு கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து, நான் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இடது பக்கம் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வலது பக்கம் ஒரு நீண்ட வால் ஓடுகிறது. பாதிப் பேர் 4.65 டாலருக்குக் கீழே வாங்குகிறார்கள். ஆனால் சராசரியோ 5.90 டாலர். உச்சத்தில் இருப்பவர் வாங்குவது 24.98. மேலே இருக்கும் சிலர் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுகிறார்கள்.

இந்த ஊதியத்தை அப்படியே வைத்து, படித்த ஆண்டுகளோடு ஒரு ரிக்ரெஷன் ஓட்டினால் என்ன வருகிறது? வெட்டு மைனஸ் 0.90, கல்வியின் கெழு 0.54. பள்ளிப் பக்கமே போகாதவருக்கு மணிக்கு மைனஸ் 90 சென்ட் ஊதியம் என்கிறது இந்தக் கோடு! வேலை செய்தவர் காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. பன்னிரண்டாம் ஆண்டுப் படிப்பும் பதினேழாம் ஆண்டுப் படிப்பும் ஒரே 54 சென்ட்தான் கூட்டும் என்கிறது. ஊதியம் அப்படி நகர்வதில்லை. சம்பள உயர்வைப் பற்றிப் பேசும்போது யாரும் "எத்தனை சதவீதம்?" என்றுதான் கேட்கிறார்கள். ஊதியம் பெருகும் தன்மை உடையது. கூட்டல் கணக்குக்குள் அதை அடைக்கும்போதுதான் கோடு இப்படித் தடுமாறுகிறது.

அதனால் ஊதியத்துக்குப் பதிலாக ஊதியத்தின் இயல் மடக்கையை, அதாவது லாக்கை, இடது பக்கம் வைக்கிறோம். இப்போது வெட்டு 0.584, கல்வியின் கெழு 0.083. கெழுவை நூறால் பெருக்கினால் 8.3. ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தவரின் ஊதியம் ஏறக்குறைய 8.3 சதவீதம் அதிகம் என்று வாசிக்கிறோம்.

இதைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். 12 ஆண்டு படித்தவருக்கு லாக் ஊதியம் 1.580. அதை லாக்கின் தலைகீழ்க் கணக்கான exp போட்டுத் திருப்பினால் 4.85 டாலர். 13 ஆண்டு படித்தவருக்கு 5.27. வித்தியாசம் 42 சென்ட். இப்போது மேலே போவோம். 16 ஆண்டுக்கு 6.77, 17 ஆண்டுக்கு 7.35. இங்கே வித்தியாசம் ஏறத்தாழ 59 சென்ட். டாலர் கணக்கில் இரண்டும் வேறு வேறு. விகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே: 1.0865. ஆகவே துல்லியமான விடை 8.65 சதவீதம். நாம் சொன்ன 8.3 அதற்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது. காரணம், சின்ன எண்களுக்கு ln(1+x) கிட்டத்தட்ட x தான். 1.05-இன் லாக் 0.0488, 1.10-இன் லாக் 0.0953. ஆனால் 1.5-இன் லாக் 0.405. எண் பெரிதாகப் பெரிதாக இந்தக் குறுக்கு வழி விலகிக்கொண்டே போகிறது.

பலரும் வழுக்கும் இடம் இதுதான். இன்னும் சில மாறிகளைச் சேர்க்கிறேன்.

```r
library(wooldridge)
m <- lm(log(wage) ~ female + educ + exper + I(exper^2) +
          tenure + I(tenure^2), data = wage1)
100 * (exp(coef(m)["female"]) - 1)
100 * (exp(confint(m)["female", ]) - 1)
```

female என்பது டம்மி மாறி: பெண் என்றால் 1, ஆண் என்றால் 0. அதன் கெழு மைனஸ் 0.297. கல்வி, அனுபவம், தற்போதைய நிறுவனத்தில் பணியாற்றிய காலம் ஆகியவை சமமாக இருக்கும்போது பெண்ணின் ஊதியம் 29.7 சதவீதம் குறைவு என்று எழுதிவிடலாமா? கூடாது. exp(-0.297) என்பது 0.743. அதாவது 25.7 சதவீதம் குறைவு. நான்கு புள்ளிகள் வித்தியாசம். ஊதிய இடைவெளி போன்ற ஒரு விஷயத்தில் நான்கு புள்ளி சின்னதல்ல; ஓர் அறிக்கையின் தலைப்புச் செய்தியே மாறிவிடும்.

இதையே மறுபக்கம் இருந்து பாருங்கள். ஆண்களை 1 என்று குறித்திருந்தால் கெழு பிளஸ் 0.297. அதைத் திருப்பினால் ஆண்கள் 34.6 சதவீதம் அதிகம் வாங்குகிறார்கள். இரண்டும் ஒரே இடைவெளிதான். ஆண் ஊதியத்தை அடியாக வைத்தால் 25.7 குறைவு, பெண் ஊதியத்தை அடியாக வைத்தால் 34.6 அதிகம். நாம் முதலில் சொல்ல வந்த 29.7 இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யாரை அடியாக வைத்தோம் என்பதை அது சொல்லவே இல்லை. அதனால் டம்மி மாறி என்றால் நான் எப்போதும் exp போட்டுத்தான் எழுதுகிறேன், யாரோடு ஒப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்து. 1980-இலேயே ஹால்வர்சன், பாம்குவிஸ்ட் என்ற இருவர் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். நம்பக இடைவெளிக்கும் அதே முறைதான்: முதலில் இரு முனைகளையும் லாக் அளவிலேயே எடுத்து, பிறகு ஒவ்வொன்றையும் திருப்புங்கள். இங்கே அது ஏறத்தாழ 20 முதல் 31 சதவீதம் வரை குறைவு என்று வருகிறது.

டம்மிக்கு மட்டும் அல்ல. கல்வியில் நான்கு ஆண்டு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டுமானால் 8.3-ஐ நான்கால் பெருக்கி 33 என்று எழுதாதீர்கள். 4.85-இல் இருந்து 6.77-க்குப் போனோமே, அது 39 சதவீதம்.

எந்த லாக் என்பதையும் கவனியுங்கள். இந்தச் சதவீத வாசிப்பு இயல் மடக்கைக்கு மட்டுமே பொருந்தும். ஆரில் log() என்றால் இயல் மடக்கை. எக்ஸெலில் LOG என்று அடித்தால் பத்தின் அடியில் கணக்கிடும்; அங்கே LN வேண்டும். தவறினால் 0.083 இருக்க வேண்டிய இடத்தில் 0.036 வந்து நிற்கும். எண் பார்க்க நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்து, டாலருக்குத் திரும்பும்போது வரும் சிக்கல். 12 ஆண்டுக்கு 4.85 என்று திருப்பினோம். அது அந்தப் படிப்புள்ளவர்களின் சராசரி ஊதியம் அல்ல. பிழைகள் லாக் அளவில் சமச்சீராக இருந்தால், அது நடுவில் நிற்பவரின் ஊதியம். சராசரி அதைவிட மேலே இருக்கும். கல்வி மட்டும் இருக்கும் அந்த மாதிரியில் எஞ்சிய பிழையின் திட்ட விலக்கம் 0.48. பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகக் கொண்டால், அதன் வர்க்கத்தில் பாதியை exp போட்டுப் பெருக்க வேண்டும். பெருக்கு எண் 1.12, விடை 5.45 டாலர். அந்தப் பரவலை நம்ப மனமில்லை என்றால், எஞ்சிய பிழைகள் ஒவ்வொன்றையும் exp போட்டு, அவற்றின் சராசரியால் பெருக்கலாம். டுவான் 1983-இல் கொடுத்த வழி அது.

பூஜ்யம் இருந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இந்த 526 பேரில் குறைந்தபட்சமே 0.53 டாலர் என்பதால் இங்கே சிக்கல் இல்லை. மருத்துவச் செலவு போன்ற தரவில் பூஜ்யம் நிறைய வரும். அப்போது 1-ஐக் கூட்டி லாக் எடுத்துவிட்டுக் கெழுவைச் சதவீதமாக வாசிக்காதீர்கள். அதே செலவை டாலரில் அல்லாமல் சென்ட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள், கெழு மாறிவிடும். அலகை மாற்றினால் மாறுகிற ஒன்றைச் சதவீதம் என்று எப்படிச் சொல்வது? அத்தகைய தரவுக்கு நான் பாய்சான் ரிக்ரெஷனை, உறுதியான திட்டப் பிழைகளோடு, ஓட்டுகிறேன். அதன் கெழுவையும் இதே exp முறையில்தான் திருப்ப வேண்டும். ஆனால் அங்கே கிடைக்கும் சதவீதம் பூஜ்யங்களையும் சேர்த்த சராசரிச் செலவைப் பற்றியது.