ஒரு பக்க மனு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தரும் 25 சதவீத இலவச இடங்களில் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக ஒரு தாய் விண்ணப்பித்திருந்தார். நிராகரிப்புக்கான காரணம் ஒரே வரிதான்: வீடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வீட்டிலிருந்து அந்தப் பள்ளியின் மணிச்சத்தம் கேட்கும்!

அவர் என்னிடம் எழுதிக்கொண்டு வந்த மனு நான்கு பக்கம். கணவரின் உடல்நிலை, வாடகை, "பணக்காரர்களுக்கே சீட் கொடுக்கிறார்கள்" என்ற கோபம் எல்லாம் இருந்தன. தூரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

"வரைபடத்தில் வீட்டை யாரம்மா குறித்தது?" என்று கேட்டேன்.

"பிரௌசிங் சென்டர் தம்பிதான் சார்."

அங்கேதான் கோளாறு. அந்தத் தம்பி வீட்டைத் தேடாமல், தன் கடை இருக்கும் பஸ் ஸ்டாண்டிலேயே புள்ளியை வைத்துவிட்டார். விலாசம் சரி, புள்ளி தவறு.

புதிய மனு ஒரே பக்கத்தில் முடிந்தது. பெறுநர், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). பொருள் என்ற இடத்தில் விண்ணப்ப எண்ணும் பள்ளியின் பெயரும். அப்புறம் இப்படி எழுதினோம்:

"தொலைவைக் காரணம் காட்டி என் மகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது. வரைபடத்தில் இருப்பிடம் தவறாகக் குறிக்கப்பட்டது எங்கள் தரப்பில் நேர்ந்த பிழை. விண்ணப்பத்திலும் ரேஷன் கார்டிலும் உள்ள முகவரி ஒன்றே. அங்கிருந்து பள்ளி சுமார் 650 மீட்டர். நேரில் சரிபார்த்து, குலுக்கலுக்கு முன் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"நம்ம தப்புன்னு நாமே எழுதலாமா சார்?" என்று தயங்கினார். எழுதத்தான் வேண்டும். அதிகாரி கணினியில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். அது எப்படித் தவறியது என்று சொல்லாவிட்டால், ரேஷன் கார்டு ஒன்று சொல்கிறது, வரைபடம் வேறு சொல்கிறது என்று கோப்பு அப்படியே நின்றுவிடும்.

குடும்பக் கஷ்டத்தை எடுத்துவிட்டோம். வருமானத்தைக் காரணம் காட்டி நிராகரித்திருந்தால் வருமானச் சான்றிதழைப் பற்றி எழுதியிருப்போம். இங்கே கேள்வி தூரம் மட்டும்தான்.

இணைப்பாக ரேஷன் கார்டு நகல், நிராகரிப்புப் பக்கத்தின் அச்சு, வீட்டையும் பள்ளியையும் காட்டும் வரைபடம். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கச் சொன்னேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, எழுத்துப்பூர்வ புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது. அந்த முடிவிலும் குறை இருந்தால் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் குலுக்கல் மூன்று மாதம் காத்திருக்காது. நிராகரிப்புப் பட்டியல் வந்த மறுநாளே அவரை அனுப்பியது அதனால்தான்.

குலுக்கலுக்கு முந்தைய நாள் குழந்தையின் பெயர் தகுதிப் பட்டியலில் ஏறியது. மனுவால் ஆனது அவ்வளவுதான். குலுக்கலில் காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது இடம் கிடைத்தது. அதை எதிர்த்தும் ஒரு மனு போடலாமா என்று கேட்டார். சீட்டு விழுந்த வரிசையில் பிழை எதுவும் இல்லையே அம்மா, எதை எழுதுவது என்றேன்.