தோடம்பழமா, ஆரஞ்சா?

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகள் பின்வரிசையில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மதுரைக்காரன். இங்கே ஸ்கார்பரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒருநாள் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி டேப்லெட்டில் தமிழ்ச் செயலி ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பழம், கீழே மூன்று சொற்கள். பழத்தைப் பார்த்ததுமே 'தோடம்பழம்' என்று சத்தமாகச் சொன்னாள். அந்தச் சொல் அங்கே இல்லை. எதையோ தொட்டாள், சிவப்பு விழுந்தது. விடை 'ஆரஞ்சு'. என்னைப் பார்த்து, 'அம்மம்மா பிழையாவோ சொல்லித் தந்தவ?' என்றாள்.

அம்மம்மாவிடம் ஒரு பிழையும் இல்லை. கச்சானை வேர்க்கடலை என்றும் பாணை பிரெட் என்றும் சொல்கிற என் ஊர்ப்பக்கத்து ஆட்கள் செய்த செயலி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை வீட்டுச் சொல்லைச் சொல்ல யோசிக்கும்.

சரி, சொல் பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத் தொடுவதற்கு வாயே திறக்க வேண்டாம். செயலியில் எல்லா நட்சத்திரமும் வாங்கிய பிள்ளையிடம், அதை மூடிவிட்டு, சமையலறையில் கரண்டியைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஸ்பூன்' என்று பதில் வரும். நம் பிள்ளைகளில் பலருக்குக் கேட்டால் புரியும், சொல்லத்தான் வராது. தொடுகிற விளையாட்டு ஏற்கெனவே இருக்கிற புரிதலுக்குத்தான் மதிப்பெண் போடுகிறது.

அதனால் நாங்கள் Anki என்கிற அட்டைச் செயலிக்கு மாறினோம். அட்டையின் முன்பக்கம் வீட்டில் எடுத்த போட்டோ மட்டும், எழுத்து இல்லை. பின்பக்கம் அம்மம்மாவின் குரல். பிள்ளை வாயால் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். சொல்ல வராவிட்டால் Again பொத்தான், வந்தால் Good; தெரிந்த அட்டை சில நாள் கழித்து வரும், தெரியாதது உடனே திரும்பி வரும்.

முதலில் நாங்களும் சொதப்பினோம். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று அதில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் பழைய அட்டைகள் மலையாகக் குவிந்து, பிள்ளைகள் பேசாமலே Good, Good என்று தட்டித் தள்ளினார்கள். இப்போது நாளுக்கு 4 புது அட்டைதான், பொத்தானை அழுத்துவது பெரியவர்கள். வெறும் பெயர்ச்சொல்லாகவே சேர்த்தால் பேச்சு வராது என்பதும் பிறகுதான் உறைத்தது. தண்ணீர்ப் போத்தல் படத்துக்குப் பின்னால் இப்போது 'தண்ணி எடுத்துக்கொண்டு வா' என்று முழு வாக்கியம் இருக்கிறது. பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், திரும்பப் பதிவு செய்யவில்லை.

அந்தப் பிள்ளையின் பழ அட்டையில் இரண்டு குரல்கள். அம்மம்மா 'தோடம்பழம்' என்கிறார், அப்புறம் நான் 'ஆரஞ்சு' என்கிறேன். யாராவது கேட்டால், 'ரெண்டாவது எங்கட சேரின்ட வீட்டுச் சொல்லு' என்று விளக்கம் கொடுக்கிறாள்.