ட் வருகிறதா, ற் வருகிறதா என்று பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற மாதிரி ஒரு செய்தியைப் பலகையில் எழுதியிருக்கிறேன், சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

"நாலை காலை தன்னீர் லாரி வரும், குளாயில் வராது, மருமகள் வந்தாள் குடத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கல்."

விஷயம் புரிகிறது, ஆனால் ஐந்து இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. இதை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது l என்ற ஒரே எழுத்துதான் ல, ள, ழ மூன்றுக்கும் கைக்கு வருகிறது, n-உம் அப்படித்தான். கீபோர்டு மேலே காட்டுகிற வார்த்தைகளில் முதலாவதைத் தொட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம். அது தப்பா சரியா என்று நாமே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ல, ற, ன மூன்றும் ஒரு குடும்பம், ள, ட, ண மூன்றும் இன்னொரு குடும்பம். முதல் குடும்பத்துக்கு நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் ஈறு பக்கம் போகும், இரண்டாவதுக்கு நாக்கு மடங்கி மேலே போகும். அதனால் ஒரு சொல்லோடு இன்னொன்று சேர்ந்து எழுத்து மாறும்போது அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே மாறும். கல் என்பது கற்கள் ஆகும், முள் என்பது முட்கள் ஆகும். கொல் என்றால் கொன்றான், கொள் என்றால் கொண்டான். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் இதே கதைதான்: பொன் பொற்காசு ஆகிறது, மண் மட்பாண்டம் ஆகிறது. ற் வந்தால் ல அல்லது ன, ட் வந்தால் ள அல்லது ண. 'ழ' மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும்: வாழ்க்கை, புகழ்ச்சி, கீழ்த்தளம்.

இப்போது பலகைக்கு வருவோம். நாலையா நாளையா? நாள், நாட்கள். ட் வந்துவிட்டது, அப்போது நாளை. தன்னீரா தண்ணீரா? தண் என்றால் குளிர்ச்சி, அதிலிருந்துதான் தட்பவெப்பம் என்று செய்தியில் சொல்கிறார்கள். ட் இருக்கிறது, அதனால் மூன்று சுழி ண, தண்ணீர். 

அடுத்து 'மருமகள் வந்தாள்'. இதுதான் ரொம்பத் தொல்லை கொடுக்கிறது, ஏனென்றால் வந்தாள், வந்தால் இரண்டுமே சரியான சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. மருமகள் இருக்கிற இடத்தில் மகனைப் போட்டுப் பாருங்கள். 'மகன் வந்தான்' என்று மாறினால் அது ள். இங்கே 'மகன் வந்தால் குடத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்' என்றுதானே வருகிறது? மாறவில்லை, அதனால் ல். கடைசியில் சொல்லுங்கல் என்று இருக்கிறது. மரியாதைக்கும் பன்மைக்கும் வருகிற 'கள்' எப்போதும் ள்தான், அதில் யோசிக்கவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது குழாய். இதற்கு ட், ற் சோதனை உதவாது, எழுத்து சொல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் குழாய், பழம், கீழே போன்ற சொற்களுக்கு நம் சென்னை ஏரியா பேச்சிலேயே ஒரு துப்பு இருக்கிறது. வாழைப்பழத்தை இங்கே பல பேர் வாயப்பயம் என்கிறோம், கீழே என்பதைக் கீய என்கிறோம். அதை யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம்தான் வரும். பேச்சில் ய, எழுத்தில் ய இல்லை என்றால் அங்கே பெரும்பாலும் ழ இருக்கிறது. 'ள'வை நாம் அப்படி ய ஆக்குவதில்லை. பள்ளி, பல்லி மாதிரிச் சொற்களுக்கு எந்தத் துப்பும் கிடையாது, பார்த்துப் பழக வேண்டியதுதான்.

'ந'வுக்கு இவ்வளவு பாடு இல்லை. சொல்லின் முதலில் வரும், இல்லையென்றால் 'த'வுக்கு முன்னால் வரும்: நேற்று, வந்து, பந்து. முந்நூறு போல இரண்டு சொல் சேர்ந்த இடங்களில் மட்டும் நடுவில் வரும். அதே போல 'ட'வுக்கு முன்னால் ண், 'ற'வுக்கு முன்னால் ன்: தண்டையார்பேட்டை, கன்று. சென்ட்ரல் மாதிரி ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்களுக்கு இது பொருந்தாது, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் கை விஷயம். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் பெரிய L போட்டால் ள, பெரிய N போட்டால் ண, z அல்லது zh போட்டால் ழ என்று பல கீபோர்டுகளில் வரும், உங்கள் போனில் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்99 கீபோர்டில் ஆறு எழுத்துக்கும் தனித்தனி விசை இருக்கிறது, கணினியில் ல-வுக்கு n, ள-வுக்கு y, ழ-வுக்கு /, ன-வுக்கு i, ண-வுக்கு p, ந-வுக்கு ; என்று அமைந்திருக்கும். ஆரம்பத்தில் கை தடுமாறும், ஆனால் எந்த எழுத்து வேண்டும் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் கீபோர்டின் ஊகத்தால் எழுத்து மாறாது.

இப்போது போனை எடுங்கள், நேற்று நீங்கள் அனுப்பிய ஏதாவது ஒரு செய்தியைத் திறந்து, சந்தேகமான ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள், பலகையில் எழுதிப் பார்ப்போம்.